மார்ச் 31-க்குள் எந்த நஷ்டத்தை விற்பது?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். 2025-26 நிதியாண்டில், வாங்கி ஓராண்டு ஆவதற்குள் விற்ற பங்குகளில் ரூ.1,80,000 லாபமும், நான்கு ஆண்டுகளாக வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டை விற்றதில் ரூ.2,05,000 லாபமும் கிடைத்துள்ளன. கையில் 300 பங்குகள் ரூ.1,10,000 நஷ்டத்தில் நிற்கின்றன. அவற்றில் 200 பங்குகள் ஜூன் 2023-இல் ரூ.950-க்கும், 100 பங்குகள் செப்டம்பர் 2025-இல் ரூ.700-க்கும் வாங்கியவை, இன்றைய விலை ரூ.500. ஆகஸ்ட் 2025-இல் மொத்தமாக ரூ.4,00,000 போட்ட ஸ்மால்கேப் ஃபண்ட் இப்போது ரூ.3,30,000-ஆக இருக்கிறது. இரண்டையும் விற்றுவிட்டால், மொத்த லாபமான ரூ.3,85,000-இல் ரூ.1,80,000 கழிந்து, ரூ.1,25,000 விலக்கும் போக, ரூ.80,000-க்கு மட்டும் 12.5% வரி கட்டினால் போதும் என்கிறார் நண்பர். இது சரியா? விற்ற அன்றே அதே பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? என் மனைவியின் டீமேட் கணக்கில் இந்த ஆண்டு விற்ற பங்குகளில் ரூ.40,000 குறுகிய கால நஷ்டம் உள்ளது. அதையும் என் லாபத்தில் கழிக்க முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் நண்பர் எல்லா லாபத்தையும் ஒரு பக்கமும் எல்லா நஷ்டத்தையும் மறுபக்கமும் கூட்டிக் கழித்திருக்கிறார். வருமான வரிச் சட்டம் அப்படிக் கணக்கிடுவதில்லை. குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தையோ நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். பங்கில் வந்த நஷ்டமா, ஃபண்டில் வந்த நஷ்டமா என்பது இதில் பொருட்டே இல்லை. ஃபண்டின் நஷ்டத்தைப் பங்கின் லாபத்தில் தாராளமாகக் கழிக்கலாம். விற்றது வாங்கி எத்தனை மாதங்கள் ஆன பிறகு என்பதுதான் கேள்வி. பட்டியலிடப்பட்ட பங்குக்கும் ஈக்விட்டி ஃபண்டுக்கும் 12 மாதங்கள் எல்லைக்கோடு. அதைத் தாண்டி வைத்திருந்தால் நீண்ட காலம், இல்லையென்றால் குறுகிய காலம்.

எதையுமே விற்காமல் விட்டால் நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். குறுகிய கால லாபம் ரூ.1,80,000-க்கு 20% வீதம் ரூ.36,000 வரி. நீண்ட கால லாபம் ரூ.2,05,000-இல் விலக்கு ரூ.1,25,000 போக மீதி ரூ.80,000-க்கு 12.5% வீதம் ரூ.10,000. ஆக ரூ.46,000; அதன் மேல் 4% செஸ் சேர்த்து ரூ.47,840. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் இருப்பவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்தாலும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய 1961 சட்டத்தின்படிதான் கணக்கு என்பதால், அதை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த இரண்டு வரிகளில் ரூ.36,000-ஐக் குறைக்கும் வலிமை உங்கள் குறுகிய கால நஷ்டத்துக்கு மட்டுமே உண்டு. நீண்ட கால நஷ்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது ரூ.10,000 வரியை இல்லாமல் செய்யுமே தவிர, அதற்கு அப்பால் ஒரு ரூபாய்க்குக்கூட உதவாது. அதனால், விற்பதற்கு முன் உங்களிடம் இருக்கும் நஷ்டத்தைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஜூன் 2023-இல் வாங்கிய 200 பங்குகளில் பங்குக்கு ரூ.450 வீதம் ரூ.90,000 நஷ்டம், இது நீண்ட காலம். செப்டம்பர் 2025-இல் வாங்கிய 100 பங்குகளில் பங்குக்கு ரூ.200 வீதம் ரூ.20,000 நஷ்டம், இது குறுகிய காலம். ஃபண்டின் ரூ.70,000 நஷ்டமும் குறுகிய காலமே.

புரோக்கரின் செயலியில் இந்தப் பங்குக்குச் சராசரி விலை ரூ.866.67 என்று காட்டியிருக்கும். வரிக் கணக்கில் அந்தச் சராசரிக்கு வேலையே இல்லை. டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் 100 பங்குகளை மட்டும் விற்றால், செயலி ரூ.36,667 நஷ்டம் என்று காட்டக்கூடும். ஆனால் வரிக் கணக்கின்படி விற்றது 2023-இல் வாங்கிய பங்கு, நஷ்டம் ரூ.45,000, அதுவும் நீண்ட கால நஷ்டம். செப்டம்பரில் வாங்கியதை மட்டும் தனியே எடுத்து விற்க இந்தக் கணக்கில் வழி இல்லை. இந்த வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுவதால், இரண்டாவது முறை வாங்கியது வேறொரு டீமேட் கணக்கில் இருந்திருந்தால் அதை மட்டும் விற்றிருக்க முடியும். ஃபண்டுகளில் ஃபோலியோ வாரியாக இதே முறைதான்.

இனி, ரூ.1,25,000 விலக்கு எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். என்னிடம் வருபவர்களில் பலரும் தவறவிடும் இடம் இது. முதலில் நஷ்டம் கழிக்கப்படும். கழித்த பிறகு மிஞ்சும் நீண்ட கால லாபத்துக்குத்தான் விலக்கு. உங்கள் ரூ.2,05,000 லாபத்துக்கு எதிராக ரூ.80,000 நீண்ட கால நஷ்டம் இருந்தாலே லாபம் ரூ.1,25,000-ஆகக் குறைந்து வரி பூஜ்யமாகிவிடும். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு ரூபாய் நீண்ட கால நஷ்டமும், ஏற்கெனவே வரி இல்லாத லாபத்தைத் தின்றுவிட்டு வீணாகப் போகும். "மீதி நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன், இந்த ஆண்டு விலக்கை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்" என்று தேர்வு செய்யும் உரிமை நமக்கு இல்லை. அதே ஆண்டில் லாபம் இருக்கும்வரை நஷ்டம் அதில் கழிந்தே தீரும். முந்தைய ஆண்டுகளிலிருந்து கொண்டுவரும் நஷ்டத்துக்கும் இதே கதிதான். இதனால்தான், ஆண்டின் நீண்ட கால லாபம் ரூ.1,25,000-க்குள் அடங்கிவிட்டவர்களிடம், வரிக்காக நீண்ட கால நஷ்டத்தை விற்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அதில் சல்லிக்காசு மிச்சமில்லை. பின்னால் ஒருநாள் உதவக்கூடிய நஷ்டம் மட்டும் கரைந்துபோகும்.

இதன்படி பார்த்தால் நீங்கள் 178 பங்குகளை விற்றாலே போதும். 178 × 450 என்பது ரூ.80,100, நீண்ட கால லாபம் ரூ.1,24,900-ஆகி விலக்குக்குள் வந்துவிடும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மீதமுள்ள 22 பழைய பங்குகளைத் தாண்டினால்தான் செப்டம்பரில் வாங்கிய 100 பங்குகளின் ரூ.20,000 குறுகிய கால நஷ்டத்தைத் தொட முடியும். அந்த 22 பங்குகளில் வீணாகும் நீண்ட கால நஷ்டம் ரூ.9,900, வருங்காலத்தில் பயன்பட்டிருந்தால்கூட அது மிச்சப்படுத்தியிருக்கக்கூடியது அதிகபட்சம் ரூ.1,240-க்குச் சற்றுக் குறைவு. ரூ.20,000 குறுகிய கால நஷ்டமோ இந்த ஆண்டே 20% வீதம் ரூ.4,000-ஐ மிச்சப்படுத்துகிறது. வரும் செப்டம்பரில் அந்த 100 பங்குகளும் ஓராண்டைத் தாண்டிவிட்டால் அதே நஷ்டம் நீண்ட கால நஷ்டமாக மாறி, அதன் மதிப்பும் இறங்கிவிடும். ஆகவே 300 பங்குகளையும் விற்பதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

ஃபண்டைப் பொறுத்தவரை ஒரு செலவைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பல ஈக்விட்டி ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் 1% எக்ஸிட் லோட் உண்டு. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்பதை ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1% என்றே வைத்துக்கொண்டால் ரூ.3,30,000-இல் ரூ.3,300 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நஷ்டம் ரூ.73,300-ஆகக் கூடும், அதனால் மிச்சமாகும் வரி ரூ.14,660. கையிலிருந்து போன ரூ.3,300-ஐக் கழித்தாலும் ரூ.11,360 நிற்கிறது. இங்கே விற்பது லாபகரம்தான். நஷ்டம் ரூ.10,000, ரூ.15,000 என்று சிறியதாக இருந்திருந்தால் எக்ஸிட் லோடே மிச்சத்தை விழுங்கியிருக்கும்.

இப்போது முழுக் கணக்கு இப்படி வருகிறது. குறுகிய கால லாபம் ரூ.1,80,000-இல் ஃபண்டின் ரூ.73,300-ஐயும் பங்கின் ரூ.20,000-ஐயும் கழித்தால் ரூ.86,700, அதற்கு 20% வரி ரூ.17,340. நீண்ட கால லாபம் ரூ.2,05,000-இல் ரூ.90,000 கழித்தால் ரூ.1,15,000; விலக்குக்குள் அடங்கிவிடுவதால் வரி இல்லை. செஸ் சேர்த்து நீங்கள் கட்ட வேண்டியது சுமார் ரூ.18,034. நண்பர் சொன்ன ரூ.10,000 அல்ல, ஆனாலும் ரூ.47,840-லிருந்து ஏறத்தாழ ரூ.29,800 குறைகிறது. எக்ஸிட் லோடும், பங்கை விற்றுத் திரும்ப வாங்குவதில் இரு பக்கமும் 0.1% வீதம் போகும் பங்குப் பரிவர்த்தனை வரியும், புரோக்கர் கட்டணமும் போக ரூ.26,000 அளவில் உண்மையான மிச்சம் என்று கொள்ளலாம். பரிவர்த்தனை வரியை மூலதன ஆதாயக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. புரோக்கர் கட்டணத்தைக் கழிக்கலாம்.

இந்த மிச்சம் முழுவதும் நிரந்தரமானது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பங்கை ரூ.500-க்குத் திரும்ப வாங்கினால், இனி அதன் அடக்க விலை ரூ.500. நாளை அது பழைய விலைக்கு ஏறினால் அந்த ஏற்றம் முழுவதும் லாபமாகக் கணக்கில் வரும். ஃபண்டுக்கும் அப்படியே. வாங்கிய தேதியும் புதிதாகத் தொடங்குவதால், இன்னொரு 12 மாதங்களுக்குள் விற்றால் 20% வரி. பொறுத்திருந்து ஓராண்டுக்குப் பின் விற்றால் 12.5%, அதுவும் அந்த ஆண்டின் ரூ.1,25,000 விலக்குக்குள் அடங்கினால் வரியே இல்லை. இன்று 20% மிச்சம் செய்து, பின்னாளில் 12.5% அல்லது அதற்கும் குறைவாகக் கட்டுவதுதான் இதில் உங்களுக்குக் கிடைக்கும் நிலையான ஆதாயம். நீண்ட கால நஷ்டத்தைப் பொறுத்தவரை வரியைத் தள்ளிப்போடுவது என்பதே பெரும்பகுதி. அந்தப் பங்கின் மீது உங்களுக்கு நம்பிக்கையே இல்லை என்றால், திரும்ப வாங்காமல் விட்டுவிடுவதில் ஒரு பிழையும் இல்லை. வரியை முன்னிட்டு ஒரு மோசமான பங்கை மறுபடியும் வாங்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை.

திரும்ப வாங்குவதாக இருந்தால், விற்ற அன்றே வாங்காதீர்கள். காலையில் 300 பங்குகளை விற்று மாலைக்குள் அதே பங்கில் 300-ஐ வாங்கினால், புரோக்கர் கணக்கில் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகி, இன்ட்ராடே வணிகமாக முடிந்துவிடும். உங்கள் டீமேட்டிலிருந்து ஒரு பங்குகூட வெளியே போகாது. ரூ.500-க்கு விற்று ரூ.503-க்கு வாங்கியிருந்தால், பங்குக்கு ரூ.3 ஊக வணிக நஷ்டம் என்று பதிவாகும். நீங்கள் எதிர்பார்த்த ரூ.1,10,000 நஷ்டம் பதிவாகாது. ஊக வணிக நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. இது நடந்திருக்கிறதா என்பதை, சில நாட்கள் கழித்து டீமேட் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பற்று, வரவு என்ற இரண்டு பதிவுகளும் அதில் இல்லையென்றால் விற்பனையே நடக்கவில்லை என்று பொருள்.

ஆகவே இன்று விற்று, அடுத்த சந்தை நாளில் வாங்குங்கள். இடையில் விலை ஏறிவிடுமோ என்ற பயம் இருந்தால், ரூ.1,50,000 கையிருப்பு இருக்கும் பட்சத்தில் முறையை மாற்றிக்கொள்ளலாம். திங்களன்று 300 பங்குகளை வாங்குங்கள்; செவ்வாயன்று அவை டீமேட்டில் வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, புதனன்று 300-ஐ விற்றுவிடுங்கள். முதலில் வந்தது முதலில் போகும் என்ற விதிப்படி போவது பழைய 300 பங்குகளே. விற்ற பங்கை இத்தனை நாட்களுக்குத் திரும்ப வாங்கக் கூடாது என்று சில நாடுகளில் இருப்பது போன்ற விதி இந்தியாவில் இல்லை. ஆனால் போனஸ் பங்குகளுக்கு ஒரு தடை உண்டு. போனஸ் பதிவுத் தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வாங்கிய பங்கை, போனஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஒன்பது மாதங்களுக்குள் நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டம் ஏற்கப்படாது. உங்கள் செப்டம்பர் பங்குகளுக்கு அப்படி ஏதும் நேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபண்டை விற்றுத் திரும்ப வாங்கும்போது, நீங்கள் இதுவரை ரெகுலர் திட்டத்தில் இருந்தால், அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்துக்கு மாறுவதைப் பரிசீலியுங்கள். ஸ்விட்ச் என்பதும் வரிக் கணக்கில் விற்பனையே என்பதால் நஷ்டம் பதிவாகிவிடும். டைரக்ட் திட்டத்தில் ஆண்டுச் செலவு விகிதமும் குறைவு. எக்ஸிட் லோட் இதற்கும் பிடிக்கப்படலாம். புதிய யூனிட்டுகளுக்கு எக்ஸிட் லோடுக்கான ஓராண்டு மறுபடியும் தொடங்கும்.

மனைவியின் ரூ.40,000 நஷ்டம் பற்றி முடிவு செய்ய, அந்தப் பங்குகளை வாங்கிய பணம் யாருடையது என்று தெரிய வேண்டும். அது அவருடைய சம்பளம், அவருக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த தொகை, அவருடைய சொந்தச் சேமிப்பு என்றால், நஷ்டம் அவருடைய பான் எண்ணுக்கே உரியது. அதை உங்கள் லாபத்தில் கழிக்க முடியாது. அவருக்கு இந்த ஆண்டு லாபம் இல்லை என்றாலும், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், உரிய கெடுவுக்குள் அவர் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால்தான் அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுசென்று அவருடைய பிற்கால லாபத்தில் கழிக்க முடியும். கெடு தாண்டித் தாக்கல் செய்தால், அந்த ஆண்டின் நஷ்டத்தைக் கொண்டுசெல்லும் உரிமை போய்விடும்.

மாறாக, நீங்கள் அன்பளிப்பாகத் தந்த பணத்தில் அவர் வாங்கியிருந்தால், அந்த முதலீட்டின் வருமானம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்பட வேண்டும் என்பது சட்டம். வருமானம் என்பதில் நஷ்டமும் அடங்கும் என்று அதே பிரிவு விளக்கம் தருகிறது. அந்த நிலையில் ரூ.40,000 உங்கள் கணக்குக்கு வந்து, குறுகிய கால லாபம் ரூ.46,700-ஆகக் குறையும், மேலும் ரூ.8,000 வரி மிச்சமாகும். ஆனால் லாபம் வந்த ஆண்டுகளில் அவர் பெயரில் காட்டிவிட்டு, நஷ்டம் வந்த ஆண்டில் மட்டும் உங்கள் பெயருக்குக் கொண்டுவருவது ஏற்கத்தக்கதல்ல. துறை கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலை வரும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய கணக்குக்குப் பணம் போன தேதி, அந்தப் பணத்தில் பங்கு வாங்கிய தேதி ஆகியவற்றை ஆவணமாக வைத்துக்கொண்டு, இதுவரை எப்படிக் காட்டினீர்கள் என்பதையும் பார்த்த பிறகே இதில் இறங்குங்கள்.

தேதிகளில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மூலதன ஆதாயத்துக்கான வரியை உங்கள் நிறுவனம் சம்பளத்தில் பிடிக்காமல் இருந்தால், நிற்கும் வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் என்றால், அதை முழுவதும் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும்; தவறினால் வட்டி சேரும். அதனால் நஷ்டத்தை விற்பதையும் மார்ச் முதல் வாரத்துக்குள் முடித்துவிட்டால், கட்ட வேண்டிய தொகை துல்லியமாகத் தெரிந்துவிடும். மார்ச் 31 வரை காத்திருந்தால் அன்று சந்தை விடுமுறையாக இருக்கலாம்; ஃபண்டிலோ மாலை 3 மணிக்கு மேல் தந்த கோரிக்கைக்கு அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி. கிடைத்து, விற்பனை அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

ரிட்டர்னை ITR-2 படிவத்தில், 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்யுங்கள். Schedule CG பகுதியின் E அட்டவணையில், எந்த நஷ்டம் எந்த லாபத்தில் கழிந்தது என்பது தனித்தனிக் கட்டங்களில் தெரியும். 20% வரிசைக்கு நேரே ரூ.93,300 கழிந்திருக்கிறதா என்று அங்கே பாருங்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதி நீண்ட கால லாபத்தின் வரிசைக்குப் போயிருந்தால் நீங்கள் கூடுதல் வரி கட்ட நேரும். ஆண்டுத் தகவல் அறிக்கையான AIS-இல் காணும் அடக்க விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், புரோக்கர் தரும் வரி அறிக்கையோடும், ஃபண்டுகளுக்கு CAMS, KFintech தரும் மூலதன ஆதாய அறிக்கையோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறு புரோக்கரிடமிருந்து மாற்றிக்கொண்டு வந்த பங்குகளுக்கு வாங்கிய தேதியும் விலையும் சில நேரங்களில் விடுபட்டிருக்கும். 2023-இல் வாங்கிய அந்த 200 பங்குகள் அப்படி வந்தவை என்றால், பழைய ஒப்பந்தக் குறிப்பை இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.